தாமதத்துக்கு ஒரு கடிதம்

"நீங்கள் அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள்." பல மெமோக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. "அடிக்கடி" என்ற சொல்லுக்கு ஆசிரியரால் பதில் எழுத முடியாது. தேதிக்கும் மணிக்கும்தான் பதில் எழுத முடியும்.

ஒரு ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பள்ளி தொடங்குவது 9.15 மணிக்கு. ஜூலை 3, 8, 10, 17 ஆகிய நாள்களில் அவர் வந்தது 9.35-க்கு மேல். முதல் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. ஜூலை 11 அன்று தலைமை ஆசிரியர் அவரை அழைத்துப் பேசியிருக்கிறார். இவ்வளவையும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கடிதத்தில் எழுத வேண்டும். "பொறுப்பற்றவர்" போன்ற குணச்சொல் ஒன்றுகூட வேண்டாம்.

எச்சரிக்கைக்கு முன் விளக்கம் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது கொடுக்கலாம். வீட்டில் படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனிக்க வரும் பெண் 8.45-க்குத்தான் வருகிறார் என்று ஆசிரியை பதில் எழுதினால், எச்சரிக்கைக் கடிதம் அதைக் குறிப்பிட்டே பேச வேண்டும். இரண்டு மாதத்துக்கு அவருடைய முதல் பாடவேளையை மூன்றாவதோடு மாற்றித் தரலாம்; எந்தத் தேதி வரை என்பதையும், மறுபடி தாமதமானால் என்ன நடவடிக்கை என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும்.

நகலில் அவர் இடுவது பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கானது அல்ல. அந்த வரியையும் கடிதத்திலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.