மைனஸ் 12 சதவீத வாய்ப்பு

தாமஸ் ம்ரோஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் 753 மணமான பெண்கள் இருக்கிறார்கள். 1975இல் அவர்களில் 428 பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள், மற்ற 325 பேர் பார்க்கவில்லை. பொருளாதார மாணவர்கள் இன்றும் இந்தப் பட்டியலை வைத்துத்தான் பழகுகிறார்கள்.

ஒரு பெண் வேலைக்குப் போவதற்கான வாய்ப்பு எவ்வளவு? வேலை பார்த்தவருக்கு 1, பார்க்காதவருக்கு 0 என்று எழுதி, படிப்பு, அனுபவம், வயது, குழந்தைகள், வீட்டின் மற்ற வருமானம் ஆகியவற்றோடு ஒரு நேர்கோட்டைப் பொருத்தலாம். இது நேரியல் நிகழ்தகவு மாதிரி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று கூடினால், வாய்ப்பு 26 சதவீதப் புள்ளி குறையும் என்கிறது அது. பாமரருக்கும் புரியும் விடை.

இப்போது 42 வயது தாண்டிய, பன்னிரண்டு ஆண்டு படித்த, பத்தாண்டுக்கு மேல் அனுபவமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெரிய பிள்ளை ஒன்று உண்டு, கைக்குழந்தை இல்லை. நேர்கோடு அவருக்கு 66 சதவீதம் தருகிறது. சின்னக் குழந்தை ஒன்று என்றால் 40, இரண்டு என்றால் 14. மூன்று என்றால் மைனஸ் 12! அப்படி ஒரு வாய்ப்பு உலகில் கிடையாது. கோட்டுக்கு எங்கே நிற்பதென்று தெரியாது. 753 பேரில் 33 பேருக்கு அது 0க்குக் கீழேயோ 1க்கு மேலேயோ போய்விடுகிறது.

ப்ராபிட் வேறு வழியில் போகிறது. அதே விவரங்களைக் கூட்டி முதலில் ஒரு மதிப்பெண் போடும். மணி வடிவ வளைவின் கீழ் அந்த மதிப்பெண்ணுக்கு இடப்பக்கம் உள்ள பரப்பே வாய்ப்பு. பரப்பு 0க்குக் கீழே இறங்காது, 1ஐத் தாண்டாது. அதே பெண்ணுக்கு இது 71, 37, 12, 2 என்று இறங்குகிறது. முதல் குழந்தையின் அடி 33 புள்ளி, இரண்டாவதின் அடி 26, மூன்றாவதின் அடி 10. முதல் குழந்தைதான் வாழ்க்கையையே புரட்டிப்போடுகிறது என்பது தாய்மார்களுக்குத் தெரிந்ததுதானே. நேர்கோட்டுக்கோ மூன்று அடியும் ஒன்றே.

ப்ராபிட் அட்டவணையில் சின்னக் குழந்தைக்கு நேரே −0.868 என்று இருக்கும். அதை 87 சதவீத வீழ்ச்சி என்று படித்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மதிப்பெண்ணில் வரும் மாற்றம். வளைவில் வைத்துப் பார்த்த பிறகே வாய்ப்பாகும்.

ஆனால் நேர்கோட்டைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ப்ராபிட்டில் 753 பேருக்கும் குழந்தையின் விளைவைத் தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், அதுவும் 26 புள்ளிதான். யார் வேலைக்குப் போவார் என்று ஊகிப்பதிலும் இரண்டும் ஏறத்தாழ 73 சதவீதம் சரி. மூன்று சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் இந்தப் பட்டியலில் மூன்றே பேர். சராசரி விளைவு மட்டும் போதுமென்றால் நேர்கோடே போதும். ஒரு குறிப்பிட்ட பெண்ணின் வாய்ப்பைச் சொல்ல வேண்டுமென்றால் நான் ப்ராபிட்டைத்தான் எடுப்பேன்.