நாட்காட்டிப் புள்ளிகளும் கிளினிக் கொப்பியும்: மாதவிடாய்க்கு முன் கூடும் தொய்வு

சம்பூரில் இருந்து கிளினிக்குக்கு வந்திருந்த ஒரு அக்காவை திருகோணமலை பஸ் நிலையத்தில்தான் முதலில் சந்தித்தேன். வயது 41. அவரது அனுமதியுடன், பெயரைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

2006இல் குண்டுவீச்சுக்குள் ஊரைவிட்டு ஓடியவர். பின்னர் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் பல வருடங்கள் இருந்தார். தொய்வு தொடங்கியது அங்கேதான். சில இரவுகளில் மூச்சு இழுத்து, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நெபுலைசர் பிடித்துவிட்டு விடியத் திரும்புவார். “போனவையள நினைச்சு யோசிக்கிறதாலதான் உனக்கு முட்டு வருது எண்டு எல்லாரும் சொல்லுவினம் தங்கச்சி. நானும் அப்பிடித்தான் நினைச்சன்” என்றார். மாமியாரோ பறுவத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தாராம்.

போருக்குப் பிறகு எங்கள் பெண்களின் உடலில் என்ன வந்தாலும் அதற்கு ஒரே காரணம் சொல்லப்படுகிறது: யோசனை. அது சில வேளை உண்மையும்கூட. பதற்றம் மூச்சைக் குறுக்கும். ஆனால் இந்த அக்காவின் விடயத்தில் அந்தப் பதில் வேறொன்றை மறைத்துவிட்டது.

அவரது கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். கடைசியாக இரவில் ஆஸ்பத்திரிக்குப் போன திகதிகள்: மார்ச் 5, மார்ச் 31, ஏப்ரல் 26. ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாக 26 நாட்கள். பறுவம் திரும்பி வர 29 நாட்களுக்கு மேலாகும், ஆகவே இது நிலவின் கணக்கல்ல. “உங்களுக்கு மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருக்கா வரும் அக்கா?” என்று கேட்டேன். கோயிலுக்குப் போகக்கூடாத நாட்களுக்காக அவர் வீட்டு நாட்காட்டியில் புள்ளி வைப்பதுண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: மார்ச் 7, ஏப்ரல் 2, ஏப்ரல் 28. ஒவ்வொரு முறையும் இரத்தப்போக்கு தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் மூச்சு இழுத்திருக்கிறது.

இது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1931இல் நியூயோர்க் வைத்தியர் ரொபர்ட் பிராங்க் மாதவிடாய்க்கு முந்திய உபாதைகள் பற்றி எழுதியபோதே, அந்நாட்களில் கடும் ஆஸ்துமா வரும் ஒரு பெண்ணைப் பற்றியும் பதிவுசெய்தார். ஆஸ்துமா உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய்க்கு முன்னர் நோய் கூடுகிறது என்கிறது ‘ஜினா’ எனப்படும் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி.

ஏன் அந்த நாட்களில்? ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் அழற்சியோடு, வீங்கித்தான் இருக்கும். சுற்றியுள்ள தசை இறுகினால் வழி இன்னும் ஒடுங்கும். சினைமுட்டை வெளியேறிய பின்னர் புரொஜெஸ்தரோன், ஈஸ்ட்ரஜன் ஆகிய இரண்டு ஹோர்மோன்களும் உடலில் உயர்ந்திருக்கும். கருத்தரிக்காவிட்டால், மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் இரண்டும் சடுதியாக இறங்கும். புரொஜெஸ்தரோன் கருப்பைத் தசையைத் தளர்த்தி வைப்பதுபோல மூச்சுக்குழாய்த் தசையையும் தளர்த்தக்கூடியது. அது இறங்கும்போது அந்தத் தளர்வு குறைகிறது. ஈஸ்ட்ரஜனின் மாற்றமோ அழற்சியை உண்டாக்கும் கலங்களின் நடத்தையை மாற்றுகிறது. மூச்சுக்குழாயைச் சுருக்கும் லியூக்கோட்ரையீன் என்ற பொருள் அந்நாட்களில் சிலருக்குக் கூடுகிறது.

இது ஹோர்மோன் குறைபாடு அல்ல. மாற்றம் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான். ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாய்தான் அதைத் தாங்காமல் போகிறது. அதனால் ஹோர்மோன் இரத்தப் பரிசோதனை செய்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நாட்காட்டிதான் பரிசோதனை.

அக்காவிடம் இன்னொன்றையும் கேட்டேன். வயிற்றுவலிக்கு என்ன குளிசை போடுவீர்கள்? “பாமசியில வாங்கிற மெபனமிக் அசிட். வலி தொடங்கேக்கையே போட்டிருவன்.” குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் இழுப்புத் தொடங்கிய இரவுகள் அவருக்கு நினைவிருந்தன. மெபனமிக் அசிட், ஐபுப்ரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். வலியை உண்டாக்கும் புரொஸ்டாகிளான்டின் உற்பத்தியை இவை தடுக்கின்றன. ஆனால் அதே மூலப்பொருளில் இருந்துதான் லியூக்கோட்ரையீனும் உருவாகிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் மற்ற வாய்க்காலில் பாய்வதுபோல லியூக்கோட்ரையீன் பெருகி, மூச்சு அடைக்கும். வயது வந்த ஆஸ்துமா நோயாளர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்கு இப்படி நடக்கிறது. மூக்கில் சதை வளர்ச்சி, மணம் தெரியாமை உள்ளவர்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். அக்காவுக்கு இரண்டும் இருந்தன. மாதவிடாய்க்கு முன் தொய்வு கூடும் பெண்களிடையே இந்த ஒவ்வாமை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்தத் திகதிகளை ஒரு தாளில் எழுதி அவர் அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வைத்தியர் ‘பீக் ஃப்ளோ’ மீற்றரைக் கொடுத்து, காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, கூடிய எண்ணை எழுதச் சொன்னார். சாதாரண நாட்களில் 340. மாதவிடாய்க்கு மூன்று நாட்கள் முன்னர் 260. அதாவது கிட்டத்தட்ட கால்வாசி இறக்கம். நீல பம்பை அடித்ததும் எண் திரும்ப ஏறியது. வெறும் பதற்றத்தால் வரும் மூச்சுத்திணறலில் இப்படி எண் இறங்கி, பம்புக்கு ஏறுவதில்லை.

சிகிச்சையில் பெரிய மர்மம் இல்லை. அக்கா மண்ணிற ஸ்டீரொயிட் பம்பை இழுப்பு வரும்போது மட்டும் பாவித்துவந்தார். அது வீக்கத்தை மெதுவாகக் குறைக்கும் மருந்து. நல்லாயிருக்கும் நாட்களிலும் தினமும் எடுத்தால்தான் ஹோர்மோன் இறங்கும் நேரத்தில் குழாய் தாங்கும். மெபனமிக் அசிட்டை வைத்தியர் நிறுத்தி, வலிக்குப் பரசிற்றமோல் கொடுத்தார். மூன்று சுற்றுகளுக்குப் பின்னர் இறக்கம் 300 வரைதான். இப்போதும் அந்நாட்களில் இருமல் உண்டு. இரவு ஓட்டோ இல்லை.

இதற்கும் அடங்காதவர்களுக்கு வைத்தியர்கள் மொன்டெலூகாஸ்ட் குளிசையைச் சேர்ப்பதுண்டு. சிலருக்குக் கருத்தடைக் குளிசையும் உதவுகிறது. ஆனால் மொன்டெலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவுகளையும் மனச்சோர்வையும் கொண்டுவரலாம். போர்க்காலக் கனவுகளால் ஏற்கெனவே தூக்கம் கெட்டவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருந்தின் விளைவும் “யோசனை” என்றே எழுதப்பட்டுவிடும்.

உங்களுக்கும் இப்படி இருக்கலாம் என்று தோன்றினால், மூன்று மாதவிடாய்ச் சுற்றுகளுக்கு ஒரே நாட்காட்டியில் மூன்றைக் குறியுங்கள்: இரத்தப்போக்கு தொடங்கிய நாள், நீல பம்ப் அடித்த தடவைகள், போட்ட வலிக் குளிசையின் பெயர். அதை கிளினிக் கொப்பிக்குள் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், நீல பம்பின் பலன் நான்கு மணித்தியாலம்கூட நிற்காவிட்டால், எந்த நாளானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாகப் பேசியபோது அக்கா சொன்னார்: “யோசனை இப்பவும் இருக்குது தங்கச்சி. அது போகாது. ஆனா முட்டு வேற, யோசனை வேற எண்டு இப்ப தெரியும்.”