அளவு நாளுக்குப் பிள்ளையோடு போங்கள்

"மே 18 முதல் 24 வரை யூனிஃபார்ம் அளவு எடுக்கப்படும். 6 செட் எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி. ஷூவும் கிடைக்கும்." பள்ளி திறக்குமுன் கடைகள் போடும் அறிவிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கண் நேராகத் தள்ளுபடிக்குத்தான் போகும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தத் தேதிகள். ஜூன் முதல் வாரக் கூட்டத்தில் தைப்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மே மாதத்தில் அளவு கொடுத்தால், போட்டுப் பார்த்துத் திருத்தவும் நாள் இருக்கும்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் பழைய சட்டையை எடுத்துப்போகாதீர்கள். அது துவைத்துச் சுருங்கியிருக்கும், பிள்ளையோ வளர்ந்திருக்கும். தொடக்கப்பள்ளி வயதில் ஒரு குழந்தை வருடத்துக்குச் சுமார் 2 அங்குலம் உயரும், அதிலும் கால்தான் வேகமாக நீளும். அதனால் பேன்ட்டின் அடியில் 2 அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். தோளில் மட்டும் 'வளரட்டும்' என்று கூட்டிவிடக் கூடாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் சரிந்தால் கையையே பிரித்துத் தைக்க வேண்டிவரும். மார்பில் கொஞ்சம் தளர்வு இருந்தால் குறையில்லை.

ஷூ வாங்க மாலையில் போவது நல்லது, பகலெல்லாம் ஓடியாடிய கால் சற்று உப்பியிருக்கும். பள்ளிக்குப் போடும் சாக்ஸையே மாட்டி, நிற்க வைத்து, இரு காலையும் அளக்க வேண்டும். பெரிதாக இருக்கும் காலுக்கே ஷூ. கட்டைவிரல் முன்னால் உங்கள் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். ஒரு எண் கூடினால் நீளம் சுமார் 8 மில்லிமீட்டர் கூடும். இரண்டு எண் கூட்டி வாங்கினால் நடக்கும்போது குதிகால் வழுக்கிப் புண்ணாகும். குழந்தைகள் அளவு 13-க்குப் பிறகு மறுபடி 1 என்று தொடங்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இனி தள்ளுபடி. ஒரு செட் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டிரண்டாக 4 செட் எடுத்தால் 3,600 ரூபாய். தள்ளுபடிக்காக 6 செட் எடுத்தால் 4,860. 540 ரூபாய் மிச்சம் என்று பில் சொல்லும், கையிலிருந்து கூடுதலாகப் போவது 1,260. அந்த இரண்டு செட்டும் அடுத்த வருடம் குட்டையாகிவிடலாம். அதே பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு செட் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டால், உங்கள் பங்கு 3,240 ரூபாய்தான். அவர்களுக்கும் 180 ரூபாய் குறையும்.

முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: தள்ளுபடி ஷூவுக்கும் உண்டா? இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வேறுவேறு நாளில் அளவு கொடுத்தாலும் ஒரே பில் போடுவீர்களா? அளவு பிசகினால் திருத்தக் கூலி யாருடையது? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.