எக்ஸ் கதிர் போடும் கணக்கு

எக்ஸ்ரே எடுப்பவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இயந்திரத்தில் இரண்டு எண்களை வைப்பார். ஒன்று மில்லியாம்பியர் கணக்கு. அதைக் கூட்டினால் கதிர்கள் நிறைய வரும், ஆனால் ஒவ்வொரு கதிரின் வலுவும் மாறாது. மற்றொன்று கிலோவோல்ட். கைக்கு ஏறக்குறைய 50, நெஞ்சுக்கு 100 அல்லது அதற்கும் மேல் என்று வைப்பார்கள். கதிரின் உச்ச வலுவைத் தீர்மானிப்பது இந்த எண்தான். இன்று இதன் பின்னால்தான் போகப்போகிறோம்.

எக்ஸ்ரே குழாய்க்குள் காற்றே இருக்காது. ஒரு முனையில் மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து எலக்ட்ரான்களை உதிர்க்கும். மறுமுனையில் டங்ஸ்டன் உலோகத்தால் ஆன தட்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் 50 கிலோவோல்ட், அதாவது 50,000 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்கள் கம்பியிலிருந்து பாய்ந்து போய்த் தட்டில் மோதும். சூடான கம்பி வைத்த இந்தக் குழாயை 1913இல் அமைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ்.

ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலுக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்று பெயர். நம் எலக்ட்ரான் தட்டை அடையும்போது அதனிடம் 50,000 எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். ஆயிரத்தை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு எலக்ட்ரானும் சட்டைப் பையில் 50 ரூபாயோடு டங்ஸ்டன் சந்தைக்குள் நுழைகிறது.

பெரும்பாலான எலக்ட்ரான்கள் அந்தப் பணத்தைச் சில்லறை சில்லறையாகச் செலவழித்துவிடும். அது அத்தனையும் வெறும் வெப்பம். குழாய்க்குள் வரும் ஆற்றலில் 100க்கு 99 பங்கு இப்படித்தான் போகிறது. எப்போதாவது ஓர் எலக்ட்ரான் ஓர் அணுக்கருவுக்கு மிக அருகே போய்த் திசை திரும்பும்போது, 10 ரூபாய், 20 ரூபாய் என்று ஒரு பெரிய தொகையை ஒரே ஒளிப் பொட்டலமாகக் கொடுத்துவிடும். அந்தப் பொட்டலம்தான் ஃபோட்டான். நமக்கு வேண்டிய எக்ஸ் கதிர் அதுதான். மிக அரிதாக ஓர் எலக்ட்ரான் 50 ரூபாயையும் ஒரே ஃபோட்டானுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும்.

51 ரூபாய் ஃபோட்டான் வருமா? வராது. ஒரு ஃபோட்டானைப் பெற்றெடுப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். இரண்டு எலக்ட்ரான்கள் கூட்டுச் சேர்ந்து பணம் போடுவதில்லை.

ஃபோட்டானின் ஆற்றல் கூடக்கூட அதன் அலைநீளம் குறையும். ஆற்றலுக்கு மேல் எல்லை இருந்தால் அலைநீளத்துக்குக் கீழ் எல்லை இருக்க வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 1240ஐக் கிலோவோல்ட்டால் வகுத்தால் விடை பிகோமீட்டரில் வந்துவிடும். ஒரு மீட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோமீட்டர். 50 கிலோவோல்ட் குழாய்க்கு 1240 ÷ 50 = 24.8 பிகோமீட்டர். இதைவிடக் குறைந்த அலைநீளம் உள்ள கதிர் அந்தக் குழாயிலிருந்து ஒன்றுகூட வராது. டங்ஸ்டனை எடுத்துவிட்டுச் செம்பை வைத்தாலும் இதே 24.8தான். இதற்கு வெட்டு அலைநீளம் என்று பெயர்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். எக்ஸ் கதிர் வெறும் அலை என்றால் இப்படி நடக்கவே கூடாது. சட்டென்று நிற்கும் எலக்ட்ரான் எழுப்பும் அலையில் எல்லா அலைநீளமும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். குறுகிய அலைநீளங்கள் மெல்ல மெல்லத் தேயுமே தவிர, ஓரிடத்தில் வெட்டினாற்போல் நிற்காது.

1915இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டுவேனும் ஃபிராங்க்ளின் ஹன்ட்டும் இதைச் சோதித்தார்கள். ஒரு படிகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தினால், அது ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் பொறுக்கி அந்தப் பக்கம் திருப்பும். படிகத்தை அசைக்காமல் குழாயின் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றினார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் அந்த அலைநீளம் வரவே இல்லை. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வரத் தொடங்கியது. படிகத்தின் கோணத்தை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அலைநீளத்தையும் தொடங்கிய மின்னழுத்தத்தையும் பெருக்கினால் ஒரே விடை வந்தது. நாம் மேலே வகுத்த 1240 அந்தப் பெருக்கல்தான். ஒளி பொட்டலமாக வருகிறது என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி இருந்தும், பாடப்புத்தகங்கள் இதை இரண்டு வரியில் தாண்டிப் போவது எனக்குக் குறையாகவே படுகிறது.

எல்லையை அளப்பது மட்டும் அவ்வளவு எளிதில்லை. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்கும் எலக்ட்ரான்கள் அரிது என்றோமே, அதனால் எல்லைக்கு அருகே கதிர்கள் மிக மங்கலாக இருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் உச்சத்தைத் தொடும் கணம்தான் எல்லையை வகுக்கும். அதனால்தான் இயந்திரத்தில் வைக்கும் கிலோவோல்ட் எண் சராசரியைக் குறிக்காமல் உச்சத்தைக் குறிக்கிறது. இந்த விதியைத் திருப்பியும் பயன்படுத்தலாம். ஒரு குழாய் உண்மையில் எத்தனை கிலோவோல்ட்டில் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால், அதன் கதிர்கள் எந்த ஆற்றலோடு முடிகின்றன என்று அளந்தால் போதும்.

சரி, குழாயை விட்டு வெளியே வந்த ஃபோட்டான் வழியில் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்தர் காம்ப்டன் இதைத்தான் ஆராய்ந்தார். அவர் குழாயில் டங்ஸ்டனுக்குப் பதில் மாலிப்டினம் இருந்தது. ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் மிகப் பிரகாசமாக உமிழும். மாலிப்டினத்துக்கு அது ஏறக்குறைய 71 பிகோமீட்டர். இந்தக் கதிரைக் கிராஃபைட் துண்டின்மீது விழச் செய்து, பக்கவாட்டில் சிதறி வருவதைப் படிகத்தால் அளந்தார். உள்ளே போனது 71. வெளியே வந்ததில் 71 இருந்தது. அதன் பக்கத்திலேயே 73க்கு அருகே இன்னொரு முகடும் இருந்தது.

அலை ஒன்று எலக்ட்ரானை ஆட்டினால், எலக்ட்ரான் அதே தாளத்தில் ஆடி அதே அலைநீளத்தைத்தான் திருப்பித் தரும். இரண்டு பிகோமீட்டர் கூட வழியே இல்லை. காம்ப்டன் 1923இல் சொன்ன விளக்கம் இது: ஃபோட்டான் எலக்ட்ரானை மோதித் தள்ளுகிறது, தள்ளியதற்குத் தன் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. பணம் குறைந்ததால் அலைநீளம் நீள்கிறது.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ரூபாய்க் கணக்கால் மட்டும் சொல்லிவிட முடியாது. எவ்வளவு திரும்புகிறது என்ற கோணமும் வேண்டும். ஃபோட்டானுக்கு நிறை இல்லை, ஆனால் உந்தம் உண்டு. மோதலுக்கு முன்னும் பின்னும் ஆற்றலும் உந்தமும் மாறாமல் இருக்க வேண்டும் என்று எழுதினால் கிடைப்பது இதுதான்:

அலைநீள உயர்வு = 2.43 × (1 − cos θ) பிகோமீட்டர்

θ என்பது ஃபோட்டான் திரும்பிய கோணம். நேராகப் போனால் cos 0° என்பது 1, உயர்வு பூஜ்யம். செங்கோணத்தில் திரும்பினால் cos 90° பூஜ்யம், உயர்வு 2.43. வந்த வழியே திரும்பினால் cos 180° என்பது −1, உயர்வு அதன் இரு மடங்காகிய 4.86. சிதறவைக்கும் பொருள் எது என்பது இந்த வாய்பாட்டில் எங்குமே இல்லை. முதலில் இருந்த அலைநீளமும் இல்லை. பச்சை விளக்கொளியும் எலக்ட்ரானில் பட்டுத் திரும்பினால் இதே அளவுதான் நீளும். ஆனால் பச்சை ஒளியின் அலைநீளம் ஐந்து லட்சம் பிகோமீட்டருக்கு மேல். அதில் 2.43 கூடினால் யார் கண்டுபிடிப்பார்கள்? 71இல் கூடினால்தான் தெரியும்.

71 பிகோமீட்டரிலேயே நின்றுவிட்ட முகட்டுக்கும் காரணம் உண்டு. கார்பன் அணுவுக்குள் இறுக்கமாகக் கட்டுண்ட எலக்ட்ரானில் மோதும் சில ஃபோட்டான்கள் முழு அணுவையும் தள்ள வேண்டியிருக்கிறது. கார்பன் அணு எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 22,000 மடங்கு கனம். உயர்வும் அத்தனை மடங்கு சிறுத்துப்போகும், அளவுகோலுக்கு எட்டாது.

இதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? முன்னே வந்த அதே வில்லியம் டுவேன்! அவர் ஆய்வகத்தில் இந்த முகடு தெரியவில்லை. கருவியைச் சுற்றியிருந்த மரப்பெட்டியிலுள்ள கார்பனும் ஆக்சிஜனும்தான் காம்ப்டனை ஏமாற்றுகின்றன என்றார். 1924இல் டொராண்டோவில் நடந்த கூட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். திருச்சியில் பிறந்த சி. வி. இராமனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். காம்ப்டன் குழுவினர் பெட்டியின் பங்கைத் தனியே சோதித்தார்கள், முகடு அசையவில்லை. அந்த ஆண்டின் முடிவில் டுவேனின் ஆய்வகத்திலேயே அது தென்பட, அவர் ஒப்புக்கொண்டார். 1927இல் காம்ப்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோவோல்ட் குழாயின் எல்லை ஃபோட்டான் 24.8 பிகோமீட்டர். அது எலக்ட்ரானில் மோதிச் செங்கோணத்தில் திரும்பினால் 24.8 + 2.43 = 27.23. இப்போது அதனிடம் எவ்வளவு இருக்கும்? 1240 ÷ 27.23, ஏறக்குறைய 45.5 ரூபாய். எலக்ட்ரானுக்குப் போனது 4.5 மட்டும். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் இன்னும் வலுவாகவே இருக்கிறது என்று இது சொல்கிறது. அது படத்தில் விழுந்து அதை மங்கலாக்கும். பக்கத்தில் நிற்பவர்மீதும் படும். எக்ஸ்ரே அறையில் உங்களை வெளியே நிற்கச் சொன்னால், அல்லது ஈயக் கவசத்தை மாட்டிவிட்டால், காரணம் இந்த 45.5தான்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. 100 கிலோவோல்ட் குழாயின் எல்லை ஃபோட்டான் எலக்ட்ரானில் மோதி வந்த வழியே திரும்புகிறது. எலக்ட்ரானுக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது? 28க்குச் சற்று மேலே வந்தால் சரி.