எல், பி, முழு லைசென்ஸ்: சிட்னியில் யார் எதை ஓட்டலாம்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கார் ஓட்டுபவர் கையில் இருக்கும் லைசென்ஸ் அட்டை இரண்டு தகவல்களைச் சொல்கிறது. அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பது ஒன்று: கற்பவரா, தற்காலிக லைசென்ஸ்காரரா, முழு லைசென்ஸ்காரரா? எந்த வகை வண்டியை ஓட்டலாம் என்பது மற்றொன்று: காரா, மோட்டார் சைக்கிளா, லாரியா, பேருந்தா? இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. முழு லைசென்ஸ் வந்துவிட்டால் எதையும் ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கார் லைசென்ஸ் என்றால் எல்லாக் காரும் அடக்கம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

முதலில் படிகளைப் பார்ப்போம். பென்டில் ஹில் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மதி என்ற பெண்ணுக்கு 16 வயது நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: எல்

16 வயது நிறைந்ததும் மதி சாலை விதித் தேர்வை எழுதலாம். 45 கேள்விகள். பொதுவான 15 கேள்விகளில் 12 சரியாக இருக்க வேண்டும். சாலைப் பாதுகாப்பு பற்றிய 30 கேள்விகளில் 29 சரியாக இருக்க வேண்டும். இரண்டாவது பகுதியில் ஒரே ஒரு தவறுக்குத்தான் இடம் உண்டு என்பதால் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேதான் தோற்கிறார்கள்.

தேறினால் எல் லைசென்ஸ் கிடைக்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் மாட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் ஆஸ்திரேலிய முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் பச்சை பி பலகையோடு ஓட்டும் அண்ணன் இருக்கிறான், அவனே தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்பது பல வீடுகளில் இயல்பாக எழும் யோசனை. அது செல்லாது. அண்ணன் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அவனும் தற்காலிக லைசென்ஸ்காரன்தான். அவனோடு ஓட்டிய மணிநேரம் கணக்கில் சேராது. அப்படி ஓட்டுவதே விதிமீறல்.

25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல் லைசென்ஸைக் குறைந்தது 10 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் 120 மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு பயணத்தையும் லாக்புக்கில் பதிய வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவு ஓட்டமாக இருக்க வேண்டும். 120 என்றதும் பெற்றோருக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டால் சுமை குறையும்.

உரிமம் பெற்ற பயிற்றுநரிடம் எடுக்கும் ஒரு மணி நேர வகுப்பு லாக்புக்கில் 3 மணியாகச் சேரும். இந்தச் சலுகை 10 வகுப்புகள் வரைதான். ஆக, 10 மணி நேர வகுப்புக்கு 30 மணி. லாக்புக்கில் 50 மணி சேர்ந்த பிறகு, பாதுகாப்பான ஓட்டுதலுக்கென அரசு அங்கீகரித்த பயிற்சி வகுப்புக்கும் போகலாம். அதற்கு 20 மணி கூடுதலாகக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் 50 மணி. மீதி 70 மணியை மட்டும் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வைத்தால் போதும். வாரத்துக்கு 2 மணி என்றால் 35 வாரம். 10 மாதத்துக்குள் தாராளமாக முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இரவில் எடுக்கும் பயிற்றுநர் வகுப்பு மொத்தக் கணக்கில் 3 மணியாகச் சேர்ந்தாலும் இரவுக் கணக்கில் ஒரு மணியாகத்தான் சேரும். ஜூன் மாதத்தில் சிட்னியில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், இரவு மணிகளைக் குளிர்காலத்தில் சேர்ப்பது எளிது.

இந்தப் படியில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ரத்தத்தில் மது அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். கைபேசியைக் கையில் எடுக்காமல் ஸ்பீக்கரில் பேசுவதும் கூடாது. டிரெய்லர் இழுக்கவும் அனுமதி இல்லை.

இரண்டாம் படி: சிவப்பு பி, பச்சை பி

10 மாதம் ஆனதும் மதி கணினியில் அபாயம் அறியும் தேர்வை எழுதலாம். திரையில் ஓடும் சாலைக் காட்சியில் எந்த நொடியில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று சரியாகச் சொல்ல வேண்டும். அதில் தேறி, 17 வயதும் நிறைந்த பிறகு ஓட்டுதல் தேர்வு. அதிலும் தேறினால் பி1. வெள்ளைப் பலகையில் சிவப்பு 'பி'.

பி1 கிடைத்ததும் தனியாக ஓட்டலாம். ஆனால் வேக வரம்பு அதே 90. மது, கைபேசி விதிகளும் அப்படியே தொடரும். ஓட்டுபவர் 25 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரை மட்டுமே ஏற்றலாம். நண்பர்கள் கூட்டமாக ஏறிக்கொள்ளும் நள்ளிரவுப் பயணங்களைத் தடுப்பதற்கான விதி இது.

குறைந்தது 12 மாதம் பி1-இல் இருந்த பிறகு பி2-க்கு விண்ணப்பிக்கலாம். பலகையில் எழுத்து பச்சையாகும், வேக வரம்பு 100 ஆகும். பி2-இல் குறைந்தது 24 மாதம் இருக்க வேண்டும். அதன் பிறகு முழு லைசென்ஸ். இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இப்போது தனித் தேர்வு கிடையாது. ஆனால் மாற்றம் தானாக நடக்காது. விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பி1 அட்டை 18 மாதத்திலும் பி2 அட்டை 36 மாதத்திலும் காலாவதியாகிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் மதி 16 வயதில் எல், 17-இல் பி1, 18-இல் பி2, 20-இல் முழு லைசென்ஸ் என்று வந்துவிடுவாள்.

இந்தக் காலக்கணக்கைக் குலைப்பது டிமெரிட் புள்ளிகள். விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் அபராதத்தோடு சேர்ந்து ஏறும் புள்ளிகள் இவை. முழு லைசென்ஸ்காரருக்கு வரம்பு 13, பி2-க்கு 7, எல்லுக்கும் பி1-க்கும் வெறும் 4. அதோடு, எல், பி1 படிகளில் வேக மீறல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குறைந்தது 4 புள்ளி. அதாவது 60 வரம்புள்ள சாலையில் மதி 66-இல் போய் கேமராவில் சிக்கினால், அந்த ஒரு தவறே வரம்பை எட்டிவிடும். லைசென்ஸ் குறைந்தது 3 மாதத்துக்கு நிறுத்தப்படும். அதே சாலையில் அதே வேகத்தில் போன அப்பாவுக்கு அபராதமும் ஒரு புள்ளியும்தான். வீட்டில் இதைப் புரிந்துகொள்ளாமல், "சின்ன ஃபைன்தானே, கட்டிவிடலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அபராதத்தைக் கட்டினால் புள்ளி அழிந்துவிடாது.

பி2-இல் நிலைமை சற்றுத் தளர்வு. ஆனால் கைபேசிக்கு 5 புள்ளி, வரம்பை 15 கிலோமீட்டர் தாண்டினால் 3 புள்ளி என்று இரண்டு தவறுகள் சேர்ந்தால் 8. வரம்பான 7 போய்விடும். இங்கே இன்னொரு இழப்பும் உண்டு: பி2-இல் இப்படி லைசென்ஸ் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும், முழு லைசென்ஸுக்கு மேலும் 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

எந்த வண்டி?

இனி வண்டி வகை. கார் லைசென்ஸின் பெயர் சி வகை. சரக்கோடும் ஆட்களோடும் சேர்த்து வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4.5 டன்னுக்குள் இருக்க வேண்டும்; ஓட்டுநரோடு சேர்த்து 12 பேருக்கு மேல் உட்கார இருக்கை இருக்கக் கூடாது. இதில் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, எடை என்பது வண்டி வெறுமனே நிற்கும்போது உள்ள எடை அல்ல. முழுப் பாரத்தோடு தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்ச எடை. வீடு மாறும்போது வாடகை லாரி எடுப்பவர்கள் வண்டியில் உள்ள தகவல் தகட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டே சாவியை வாங்க வேண்டும். இரண்டு, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதல்ல, எத்தனை இருக்கை என்பதே கணக்கு. கல்யாணத்துக்கு 14 இருக்கை வேன் எடுத்து 8 பேரை மட்டும் ஏற்றினாலும் சி வகை போதாது.

அதற்குத் தேவை எல்ஆர், அதாவது இலகு ரக கனரக வண்டி வகை. 8 டன் வரையுள்ள வண்டிகளும் 12-க்கு மேல் இருக்கை உள்ள சிறு பேருந்துகளும் இதில் அடங்கும். அதற்கு மேலே எம்ஆர்: 8 டன்னைத் தாண்டிய இரண்டு அச்சு வண்டிகள். எச்ஆர்: மூன்று அச்சும் அதற்கு மேலும். எல்ஆருக்கும் எம்ஆருக்கும் சி வகையில் ஓராண்டு அனுபவம் வேண்டும், எச்ஆருக்கு இரண்டாண்டு. அரை டிரெய்லர் இழுக்கும் பெரிய லாரிகளுக்கும் பல டிரெய்லர் கோத்த வண்டிகளுக்கும் இதற்கு மேலும் இரண்டு வகைகள் உண்டு. பெரிய வகை கையில் இருந்தால் அதற்குக் கீழே உள்ளவற்றையும் ஓட்டலாம்.

மோட்டார் சைக்கிள் மட்டும் இந்த ஏணியில் இல்லை. அது ஆர் வகை. அதற்குத் தனியாக எல், பி1, பி2 எல்லாம் உண்டு. முப்பது ஆண்டு கார் ஓட்டியவரும் பைக்குக்கு எல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரே வகைக்குள்ளும் படியைப் பொறுத்துத் தடை மாறும். சி வகை பி1, பி2-காரர்கள், ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் திறன் உள்ள கார்களை ஓட்டக் கூடாது. 1,500 கிலோ எடையுள்ள காரில் 150 கிலோவாட் எஞ்சின் இருந்தால் டன்னுக்கு 100, ஓட்டலாம். அதே எடையில் 210 கிலோவாட் என்றால் 140. அப்பாவின் கார்தான் என்றாலும் மதி தொடக் கூடாது. டிரெய்லர் விஷயத்தில் பி1-காரருக்கு 250 கிலோ வெற்று எடை வரைதான் அனுமதி.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ லைசென்ஸோடு வருபவர்கள் சும்மா ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது. தற்காலிக விசாவில் வந்து இங்கேயே வசிப்பவர்கள், 2023 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி, 6 மாதத்துக்குள் இந்த மாநில லைசென்ஸுக்கு மாற வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு 3 மாதம்தான். விதித் தேர்வும் ஓட்டுதல் தேர்வும் உண்டு. ஊரில் எத்தனை ஆண்டு லைசென்ஸ் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் படியில் வைப்பது என்று முடிவாகும். அதனால் பழைய அட்டையையும் பத்திரமாக எடுத்து வாருங்கள். ஓட்டுதல் தேர்வில் தோற்றுவிட்டால் அந்த நாளோடு ஊர் லைசென்ஸை வைத்து ஓட்டும் உரிமையும் போய்விடும். எல் வாங்கி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே பத்து ஆண்டு ஓட்டிய அனுபவம் இருந்தாலும், தேர்வு நாள் குறிப்பதற்கு முன் உள்ளூர்ப் பயிற்றுநரிடம் இரண்டு மூன்று வகுப்பு எடுத்து, ரவுண்டானாவில் யாருக்கு வழிவிடுவது, பாதை மாறும்போது தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னே பார்ப்பது ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டு போவதே நல்லது.