சிலருக்கு மட்டும் திறக்காத ஸ்லாக்

2021 செப்டம்பர் 30. அலுவலகங்களில் உரையாடலுக்குப் பயன்படும் ஸ்லாக் செயலி சிலருக்கு மட்டும் திறக்கவில்லை. நிறுவனத்தின் சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் பயனர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அவர்களுக்கு அந்தத் தடை ஏறத்தாழ 24 மணி நேரம் நீடித்தது. பழுது உடனே சரிசெய்யக்கூடிய இடத்தில் இல்லை. உலகெங்கும் உள்ள ரிசால்வர்களின் நினைவில் அது தங்கிவிட்டது.

நாம் slack.com என்று தட்டியதும் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது ரிசால்வர். நம் இணைய நிறுவனம் ஒன்றை நடத்தும், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்களும் உண்டு. வழியில் யாராவது பொய் முகவரியைக் கொடுத்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக வந்ததுதான் டிஎன்எஸ்செக். டொமைனின் உரிமையாளர் தன் பதிவுகளுக்கு மின்கையொப்பம் இடுவார். அந்தக் கையொப்பத்துக்கான சாவியின் அடையாளச் சுருக்கம் ஒரு படி மேலே, .com பட்டியலில், டிஎஸ் என்ற பதிவாக இருக்கும். வங்கியில் நாம் கொடுத்துவைக்கும் மாதிரிக் கையெழுத்து போன்றது அது. .com பட்டியலுக்கு அதற்கும் மேலே உள்ள வேர்ப்பட்டியல் சான்று தரும். இந்தத் தொடர்தான் நம்பிக்கைச் சங்கிலி.

ஸ்லாக் அன்று slack.com டொமைனுக்கு டிஎன்எஸ்செக்கை இயக்கியது. சில இடங்களிலிருந்து புகார் வந்ததும், பழைய நிலைக்குத் திரும்ப முடிவுசெய்தார்கள். .com பட்டியலிலிருந்து டிஎஸ் பதிவை நீக்கினார்கள், கையொப்பமிடுவதையும் நிறுத்தினார்கள். இரண்டுமே தேவையான வேலைகள்தான். இடையில் விட வேண்டிய காலத்தை விடாததே வினையாயிற்று. .com தரும் டிஎஸ் பதிவை ரிசால்வர் 86,400 விநாடிகள், அதாவது ஒரு முழு நாள், நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் அந்தப் பதிவைப் படித்துவிட்ட ரிசால்வர், ‘இந்த டொமைன் கையொப்பத்தோடுதான் பதில் தரும்’ என்று நம்பிக்கொண்டிருந்தது. கையொப்பம் இல்லாத பதில் வந்ததும், இது மோசடியாக இருக்கலாம் என்று நிராகரித்தது. அந்த ரிசால்வர் தன் கடமையைத்தான் செய்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சிலருக்கு மட்டும் பழுதானதற்கும் காரணம் இதுவே. எல்லா ரிசால்வர்களும் கையொப்பத்தைச் சோதிப்பதில்லை. சோதிப்பவற்றிலும், டிஎஸ் இருந்த நேரத்தில் slack.com பற்றிக் கேட்டவை மட்டுமே சிக்கின. ஒரே பொது ரிசால்வருக்குப் பின்னால்கூடப் பல ஊர்களில் பல இயந்திரங்கள் உண்டு. ஒவ்வொன்றின் நினைவும் தனி. அதனால் ஒரே 8.8.8.8 ஓரிடத்தில் பதில் தந்து, இன்னோரிடத்தில் தராமல் போவதும் நடக்கும்.

உங்கள் டொமைனுக்கு இப்படி நேர்ந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. டிக் என்ற கருவி போதும்:

```
dig @8.8.8.8 example.com A
dig @8.8.8.8 +cd example.com A
dig @a.gtld-servers.net example.com DS
dig @8.8.8.8 example.com DS
```

முதல் வரிக்கு SERVFAIL வந்து, இரண்டாவதற்கு முகவரி வந்தால் பழுது நம்பிக்கைச் சங்கிலியில்தான். +cd என்பது ‘கையொப்பத்தைச் சோதிக்காதே’ என்ற கட்டளை. இரண்டுமே தோற்றால் வேறு பழுதைத் தேடுங்கள். மூன்றாவது வரி .com சர்வரையே நேரில் கேட்கிறது. நான்காவது, ரிசால்வரின் நினைவில் இருப்பதைக் காட்டுகிறது. .com இல்லை என்று சொல்லும் டிஎஸ் பதிவை ரிசால்வர் இன்னும் காட்டினால், நோய் பிடிபட்டது. பதிலில் டிஎஸ் என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள எண், அது மறக்க இன்னும் எத்தனை விநாடிகள் என்று சொல்லும். மாறாக, .com பட்டியலிலேயே பழைய டிஎஸ் இருந்தால் காத்திருந்து பயனில்லை. டொமைன் பதிவாளர் மூலம் அதைத் திருத்தியாக வேண்டும்.

மருந்து இரண்டு. பழைய சாவி கையில் இருந்தால், அதைக் கொண்டே மறுபடி கையொப்பமிடுவதுதான் விரைவான வழி. டிஎஸ்ஸை நினைவில் வைத்திருக்கும் ரிசால்வருக்கும் அது பொருந்தும். மறந்துவிட்ட ரிசால்வருக்கும் தொல்லை இல்லை. சாவி போய்விட்டால், நினைவை அழிக்கச் சொல்ல வேண்டும். கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் இதற்கென்றே பக்கம் வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் டொமைன் பெயரைக் கொடுத்து அழிக்கலாம். இணைய நிறுவனங்களின் ரிசால்வர்களுக்கு அப்படி எளிய வழி பெரும்பாலும் கிடையாது. அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும், அல்லது அந்த ஒரு நாள் கழியும்வரை காத்திருக்க வேண்டும்.

டிஎன்எஸ்செக்கை நிறுத்த நினைப்பவர்கள் முதலில் டிஎஸ் பதிவை மட்டும் நீக்குங்கள். .com பட்டியலிலிருந்து அது மறைந்ததை மேலே உள்ள மூன்றாவது வரியால் உறுதிசெய்துகொண்டு, அதன்பின் குறைந்தது ஒரு நாள் முழுதும் கையொப்பத்தைத் தொடருங்கள். அதுவரை சாவியை அழிக்காதீர்கள்.