பூஜ்யத்தில் தொடங்கும் பராமரிப்பு பட்ஜெட்

பெரும்பாலான தொழிற்சாலைகளில் பராமரிப்புத் துறையின் பட்ஜெட் ஒரே கணக்கில் முடிந்துவிடுகிறது. சென்ற ஆண்டுச் செலவுடன் விலைவாசிக்காக எட்டோ பத்தோ சதவீதம் சேர்த்தால் போதும். பூஜ்ய அடிப்படை பட்ஜெட்டில் பழைய தொகை கணக்கிலேயே வராது. ஒவ்வொரு வேலையும் ஏன் தேவை, எத்தனை முறை தேவை, எவ்வளவு ஆகும் என்று புதிதாகக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் வகுத்த இம்முறையை, 1970-களில் ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அரசு பட்ஜெட்டுக்கும் கொண்டுவந்தார்.

உதாரணத்துக்கு, ஒரு நூற்பாலையின் பராமரிப்புச் செலவு சென்ற ஆண்டு ஒரு கோடி ரூபாய் எனக் கொள்ளலாம். அதில் 12 லட்சம், திடீரென உடைந்த ஒரு கியர்பாக்ஸை மாற்றிய செலவு. எட்டு சதவீதம் கூட்டினால், இனி நடக்கத் தேவையில்லாத அந்தச் செலவும் 12.96 லட்சமாக வளர்ந்து புதிய பட்ஜெட்டில் உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சும் பணத்தை மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகச் செலவழிக்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையுமே என்ற பயம்தான் காரணம்.

அதே ஆலையின் ஏர் கம்ப்ரசர் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது. மீட்டர் இப்போது 18,000 காட்டுகிறது. 4,000 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டுமென்றால் வரும் ஆண்டில் இரண்டு முறை, தலா 40,000 ரூபாய். 2,000 மணிக்கு ஒருமுறை ஃபில்டர் என்றால் நான்கு முறை, தலா 5,000 ரூபாய். ஆக மொத்தம் ஒரு லட்சம். ஆனால் 24,000 மணியில் ஓவர்ஹால் செய்தாக வேண்டும். அதற்கு ஐந்து லட்சம். ஆண்டு முடிவில் மீட்டர் 26,000-ஐத் தொடும் என்பதால், அது இந்த ஆண்டே வருகிறது. சதவீதக் கணக்கு இந்த கம்ப்ரசருக்கு 1.08 லட்சம்தான் ஒதுக்கியிருக்கும். பூஜ்யத்திலிருந்து போட்ட கணக்கு ஆறு லட்சம் கேட்கிறது. செலவைக் குறைக்கும் கத்தி என்று மட்டும் இம்முறையைப் பார்ப்பது தவறு.

இப்படி எழுதிய வேலைகள் பிறகு வரிசைப்படுத்தப்படுகின்றன. பாய்லர், அழுத்தக் கலன், கிரேன் ஆகியவற்றின் சட்டப்படியான சோதனைகளைத் தொடவே கூடாது. அடுத்து, நின்றால் உற்பத்தியே நிற்கும் இயந்திரங்களின் வேலைகள். சுவருக்கு வண்ணம் பூசுவது போன்றவை கடைசியில். பணம் குறைந்தால் கீழிருந்து வெட்டலாம். எந்த வேலை நிற்கிறது, அதனால் என்ன ஆபத்து என்பது நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரியும்.

திடீர்ப் பழுதை மட்டும் இப்படி வேலை வேலையாக எழுத முடியாது. சில ஆண்டுகளின் பழுதுப் பதிவேட்டைப் பார்த்துத் தனி ஒதுக்கீடு வைப்பதே வழி. ஓடிய நேரமும் மாற்றிய பாகங்களும் பதிவாகாத ஆலையில் பூஜ்ய முறை வெறும் ஊகமாகிவிடும். உழைப்பும் அதிகம் பிடிக்கும். எல்லா இயந்திரங்களுக்கும் ஆண்டுதோறும் செய்யாமல், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழற்சியில் பகுதி பகுதியாகச் செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.